விநாடிக்கு இருபத்து நாலு எழுத்து

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் பயிற்சி வீடியோக்களின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை எழுதுவது என் வேலை. மெஷின் இரைச்சலில் குரல் காதில் விழாது. டெய்லர்கள் டீ டைமில் போனில் வரியைப் படித்துத்தான் புரிந்துகொள்வார்கள். கடைசி வரை ஓடினால்தான் பார்த்து முடித்ததாகப் பதிவாகும்.

என் வீடியோக்களைப் பாதியில் மூடிவிட்டார்கள். இதே வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணின் வீடியோக்களை முடித்தார்கள். அடுத்த வரிசை வீடியோக்கள் மொத்தமும் எங்களில் ஒருவருக்குத்தான் என்று மேனேஜர் சொன்னதிலிருந்து அவள் சிரித்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

குறை கண்டுபிடிக்கத்தான் அவள் ஃபைலைத் திறந்தேன். என் வரி: ‘ஊசி உடைந்தால் அதன் துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து ஒப்படைக்க வேண்டும்’. திரையில் மூன்று விநாடி. அவள் வரி: ‘ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் கொடுங்க’. நாலு விநாடி. பேச்சு நின்ற பிறகும் வரியை ஒரு விநாடி விட்டு வைத்திருந்தாள்.

"பாதி வார்த்தையை முழுங்கிட்டாங்க சார்" என்று மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தேன். வெட்கமில்லாமல்தான்.

என் வரி சாஃப்ட்வேர் கணக்கில் விநாடிக்கு இருபத்து நாலு எழுத்து. பதினேழைத் தாண்டினால் அது சிவப்பு காட்டும். புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிற கணக்கு தமிழுக்கு ஆகாது என்று எல்லையை நானே இருபத்தைந்தாக்கியிருந்தேன். எண்ணுகிற முறையில் குறை இருந்தது உண்மைதான். ஆனால் அந்த இருபத்தைந்து சரியா என்று நான் படித்துப் பார்த்தது என் வரியை. எழுதியவனுக்குப் படிக்க நேரம் எதற்கு?

மேனேஜர் சண்டைக்கு வரவில்லை. "ரெண்டையும் கேன்டீன்ல காட்டிப் பாருங்க" என்றார்.

ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அக்கா ஒருவர் என் வீடியோவைப் பார்த்தார். உதடு அசைந்தது. வரி மாறியதும் விரலால் பின்னால் இழுத்தார். மறுபடி இழுத்தார். பிறகு மூடிவிட்டார். அவளுடையதைக் கடைசி வரை பார்த்தார்.

"ஏனுங்கக்கா, மொதல்ல பாத்ததை ஏன் மூடிட்டீங்க?"

"படிச்சு முடிக்கறதுக்குள்ள ஓடிப்போயிருதுங்க. எனக்குத்தான் படிப்புப் பத்தலைன்னு நெனச்சனுங்க."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் எட்டாவது வரை படித்தவர். தப்பை அவர் தன் மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

புது வேலை முழுவதும் அவளுக்குப் போனது. என் பழைய வீடியோக்களை நானே திருத்த வேண்டும், அவள் சரிபார்ப்பாள் என்றார்கள். முதல் ஃபைல் ஒரு வரி மஞ்சளடித்துத் திரும்பி வந்தது: "சிவப்பு போயிருச்சு, ஆனா இன்னும் பதினாறுல நிக்குதுங்கண்ணா, படிக்க அவசரமா இருக்குது. ஒரு வார்த்தை எடுத்துப் பாருங்க."

எடுக்கக் கூடாது என்று ஒரு மணி நேரம் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். பிறகு எடுத்தேன். வரி முன்னைவிட நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.