ஒட்டுச்சீட்டுக்கு அடியில் இருந்த படம்

பெரம்பலூரில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி, அது படுத்துப்போன பிறகு அதே அறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினேன். மெஷின்கள் மாறின, என் பழக்கம் மாறவில்லை. எந்த விசைப்பலகையைக் கண்டாலும் அதன் மேல் தமிழ் ஒட்டுச்சீட்டு ஒட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. பொடி எழுத்தில் அச்சடித்து, பிளேடால் வெட்டி, மேலே கண்ணாடி டேப் ஒட்டி டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். சரியாக ஒட்டிய சீட்டு வருடக்கணக்கில் உரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

2007-ல் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண் என்னிடம் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். முன்பு என்னிடம் தமிழ் டைப்பிங் படித்தவள். குவைத்தில் இருக்கும் கணவர், ஊருக்கு வந்த உறவுக்காரர் கையில் கொடுத்தனுப்பியது. வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை முதல் தடவையாக முகம் பார்த்துப் பேசப் போகிறார்கள். அவர் போன பிறகு பிறந்த மகளுக்கு அப்போது ஏழு மாதம்.

"போட்டோவுல பாத்துட்டாரு டீச்சர். ஆனா புள்ளய நேர்ல பாக்கயில அவரு மொகம் எப்படி இருக்கும்னு நான் பாக்கணும். எனக்கு அது போதும்."

வெளிச்சம் கூட்டுவது, சத்தம் கூட்டுவது இரண்டுக்கும் விசை காட்டச் சொன்னாள். அவளுக்கு பஸ் வந்துவிடும் நேரம். என் டப்பாவில் தயாராக இருந்த சீட்டுகளை எடுத்தேன். எஃப்-5 மேல் 'வெளிச்சம்', எஃப்-8 மேல் 'சத்தம்'. இடது மூலையில் இருக்கும் எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு இவற்றைத் தட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். என் லேப்டாப்பில் அப்படித்தான். எல்லா லேப்டாப்பிலும் 'அ'னா ஒரே இடத்தில் இருப்பதுபோல இதுவும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அந்த விசைகளில் நீல நிறத்தில் எறும்பளவு படங்கள் இருந்தன. கண்ணாடியை மாட்டிப் பார்த்திருக்கலாம். மாட்டவில்லை. மெஷினைப் போட்டுக்கூடப் பார்க்காமல் படங்களின் மேலேயே சீட்டை ஒட்டி, விரலால் நீவிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு சென்டர் போன் அடித்தது.

"டீச்சர், எல்லாம் போச்சு. அவரு மொகம் மங்கலா இருந்துச்சா, வெளிச்சத்த அமுக்கினேன். இருண்டு போச்சு. சத்தமாவது கூடட்டும்னு அத அமுக்கினேன். பேச்சும் நின்னு போச்சு."

"புள்ளயக் காட்டினியா?"

"அதுக்கு முன்னாடியே அணைஞ்சிருச்சு."

"மெஷின்ல லைட் எரியுதா?"

"எரியுது."

"ஒண்ணயும் தொடாதம்மா. நான் வரேன்."

சென்டரைப் பூட்டிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பயணம் இன்றும் எனக்குப் பாதி கனவாகத்தான் நினைவிருக்கிறது. குன்னம் பக்கத்துப் பருத்திக் காடுகள் வெளிச்சம் போகப் போக ஒரே நிறமாகிக்கொண்டிருந்தன. ஜன்னல் காற்றில் கண் சொருகியது. அரைத்தூக்கத்தில் என் விரல்கள் மடியில் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன. எஃப்-5, எஃப்-8, எஃப்-5. ஒவ்வொரு தட்டுக்கும் எங்கோ ஒரு வீட்டில் விளக்கு அணைவதாகத் தோன்றியது. விழித்துப் பார்த்தால் உண்மையாகவே ஒரு ஊரில் கரண்ட் போயிருந்தது. மெஷின் கெட்டிருக்க வேண்டும், என் மேல் தப்பிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வெட்கம்கெட்ட வேண்டுதல்தான்.

அவர்கள் தெருவில் கரண்ட் இருந்தது. அறையில் மேஜைமேல் லேப்டாப் கறுப்பாகத் திறந்து கிடந்தது. அதற்கு எதிரே அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"என்ன பண்ணிக்கிட்டு இருந்தே இவ்வளவு நேரம்?"

"சும்மா பேசிக்கிட்டு இருந்தேன் டீச்சர். அவரு இல்லன்னு தெரியும். இருந்தாலும் இந்தப் புள்ளக்கி எப்படிப் பல்லு மொளைக்குது, எப்படித் தவழுதுன்னு இந்த மெஷின்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

டார்ச் வாங்கித் திரையில் சாய்வாக அடித்துப் பார்த்தேன். உள்விளக்கு மட்டும் போயிருந்தால் டார்ச் வெளிச்சத்தில் எழுத்துகள் நிழலாகத் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. அப்படியென்றால் படம் இந்தத் திரைக்கே வரவில்லை. நகத்தால் எஃப்-5 மேல் இருந்த சீட்டைச் சுரண்டினேன். நன்றாக ஒட்டியிருந்தேன் அல்லவா, லேசில் வரவில்லை. உரிந்ததும் அடியில் இரண்டு குட்டித் திரைகளின் படம். வெளியே மாட்டும் மானிட்டருக்குப் படத்தை மாற்றிவிடும் விசை. எஃப்-8-ஐ உரித்தேன். குறுக்கே கோடு போட்ட ஸ்பீக்கர். ஒலியை வாயடைக்கும் விசை.

"மெஷின் மேல தப்பு இல்லம்மா. என் மேலதான். நான் ஒட்டினதுதான் தப்பு" என்றேன்.

எஃப்என்னைப் பிடித்துக்கொண்டு எஃப்-5-ஐ ஒரே ஒரு தட்டு தட்டினேன். திரை வந்தது. திரையில் அவர் இருந்தார்.

கட்டிலில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் அவர் வரிசையாகத் தட்டியனுப்பிய தங்கிலீஷ் வரிகள். எனக்கு நீ தெரியுற. நீ பேசுறது கேக்குது. புள்ள சிரிக்குது. கீழே வரவர எழுத்துப்பிழைகள் கூடியிருந்தன. திரையும் ஸ்பீக்கரும்தான் எங்கள் பக்கம் அணைந்திருந்தன. கேமராவையும் மைக்கையும் அந்த விசைகள் தொடவே இல்லை. ஒன்றரை மணி நேரம் அவர் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

எஃப்-8-ஐ மறுபடி தட்டினேன். குரல் வந்தது.

"வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவள் கேட்டாள்.

"போன் கூடத்துல இருக்கு. அடிச்சா நீ புள்ளயத் தூக்கிக்கிட்டு எழுந்து போயிருவ. அதான் அடிக்கல."

அவள் சிரித்தாள். அப்புறம் சட்டென்று சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னாள்: "அவரு பாத்துட்டாரு டீச்சர். நாந்தான் பாக்கல."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உரித்த சீட்டுகள் என் விரலில் ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றன.

திரையிலிருந்து அவர்தான் பேசினார். "புள்ளயத் தூக்கிக்கிட்டு வெளிய போ. திரும்ப வா. நான் கண்ண மூடிக்கிறேன். மொதல்லேருந்து பாப்போம்."

"நடிக்கவா போறீங்க?"

"நீ போ."

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே போனாள். இந்த இரண்டு பேருக்கு நடுவில் எனக்கு என்ன வேலை என்று நானும் பின்னாலேயே வெளியேறினேன். கொஞ்சம் பொறுத்து அவள் வாசற்படி தாண்டி உள்ளே போனாள். நடிப்புக்கு என்ன சத்தம் வரும் என்று காத்திருந்தேன். பிறகு ஒரு ஆண் விம்முவது கேட்டது. கூடவே அவள், "பாத்துட்டேன், போதும், அழாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்போது என் லேப்டாப்பில் எஃப்என்னைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். அதை எஸ்கேப் விசையோடு சேர்த்து ஒருதரம் தட்டினால் பூட்டிக்கொள்கிறது, அதற்கப்புறம் எஃப் விசைகளின் வேலையே மாறிவிடுகிறது. புது மெஷின் எது வந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் அந்தக் குட்டிப் படங்களைத்தான் பார்க்கிறேன். சீட்டு ஒட்டுவதை விட்டுவிட்டேன்.