ஐஸில் வைத்த டப்பா

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தது டாக்டரம்மா, என் மனைவி, நான், மூன்றே பேர். கல்யாணமாகி நான்கு வருடமாகக் குழந்தை இல்லை. ஊரில் எல்லோரும் அவளைத்தான் பேசினார்கள். இப்போது என் விந்துப் பரிசோதனை முடிவு மேசையில் கிடந்தது.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். நூற்றுக்கு நான்கு உயிரணுதான் சரியான வடிவம் என்று பார்த்ததும் அந்த வரியை டாக்டரிடம் காட்டினேன்.

"நாலு இருந்தா போதும்பா, அது நார்மல். ஆனா அசைவு ரொம்பக் கம்மி. எப்படிக் கொண்டாந்தீங்க?"

இருங்காட்டுக்கோட்டையில் நான் தங்கியிருக்கும் ரூமில் டப்பாவில் எடுத்து, வெயிலில் பால் போலக் கெட்டுவிடும் என்று பயந்து, ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவந்ததைச் சொன்னேன்.

"ஐஸ்லயா வெச்ச மாமா? அது இன்னா, மீனா?" என்றாள் மனைவி. சிரிக்க முயன்று அழுதாள்.

"குளிர்ல அசைவு படுத்துடும். உடம்புச் சூட்டுலதான் கொண்டாரணும்," என்றார் டாக்டர். பிழைத்தேன் என்று நினைத்தேன்.

"ஆனா எண்ணிக்கை குளிர்ல குறையாது. மில்லிக்குப் பதினாறு மில்லியனாவது வேணும், உங்களுக்கு ஒம்போது. போன மாசம் டைபாய்டு காய்ச்சல் வந்துச்சுன்னீங்களே, அதனாலயும் இருக்கலாம். ஒரு டெஸ்டை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. உயிரணு புதுசா உருவாக மூணு மாசம் ஆகும். அப்புறம் இங்கயே எடுத்துப் பார்ப்போம். அப்பவும் குறைஞ்சா ஹார்மோன் டெஸ்ட், அப்புறம் சிகிச்சை. அதுவரைக்கும் சும்மா இருக்க வேணாம், இவங்களுக்கும் ஸ்கேன் எடுத்துடுங்க."

மூன்று மாதம் எப்படித் தூங்குவேன் என்று தெரியவில்லை. ஸ்கேனை அன்றே எடுத்தோம். கையில் இருந்ததைக் கட்டினேன். எண்ணூறு ரூபாய் இன்னும் பாக்கி.