இரண்டு கேபிள், ஒரு பொய்

தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் சர்வர் சர்வர்காரருடைய பொறுப்பு, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் என் பொறுப்பு. அவர் திரையை நான் பார்க்கக்கூடாது. என் திரையைப் பார்க்க அவருக்கு மனமில்லை.

லேப், மருந்தகம், பில்லிங் எல்லாம் ஒரே பெரிய சர்வருக்குள் தனித்தனி விர்ச்சுவல் கணினிகளாக ஓடின. அதிலிருந்து இரண்டு கேபிள்கள் என் சுவிட்சுக்கு வந்தன. துறைக்கு ஒரு வி-லேன், அதாவது கேபிளுக்குள்ளேயே ஒரு தனிப் பாதை. எல்லா வி-லேன்களும் இரண்டிலுமே போகும். ஒவ்வொரு கணினியும் ஒரு கேபிளைப் பிடித்துக்கொள்ளும், அது செத்தால்தான் மற்றதற்குத் தாவும். என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்த மாதம் வரை இதில் ஒரு தொல்லையும் இல்லை.

அந்த மாதம் ஒரு திங்கட்கிழமை லேப் ரிசல்ட் வருவதும் நிற்பதுமாக இருந்தது. பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒருவர், "காலையில குடுத்த ரத்தம் எங்கதாங்க போச்சு?" என்று கவுண்டரைத் தட்டினார்.

சுவிட்சைப் பார்த்தேன். ஒரே கணினியின் முகவரி ஒரு கேபிளின் போர்ட்டிலும் மற்றதன் போர்ட்டிலும் மாறி மாறித் தெரிந்தது. எனக்குப் பொறி தட்டியது. சர்வர் பக்கம் யாரோ டீமிங்கை, அதாவது இரண்டு கேபிளையும் பங்கிடும் அமைப்பை, ஐபி ஹாஷ் முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்போது ஒரே கணினி இரண்டு கேபிளிலும் பேசும். சுவிட்சிலும் இரு போர்ட்டையும் ஒன்றாகக் கட்டினால்தான் அது சரிப்படும். அங்கே மாற்றாமல் இங்கே மட்டும் கட்டினாலோ வேறு விதமாகக் கெடும். ஆகவே கேட்டே ஆக வேண்டும்.

முதலாளி டாக்டரின் அறையில், எல்லோர் முன்னாலும் சர்வர்காரரைக் கேட்டேன். "சார், டீமிங்ல ஐபி ஹாஷ் போட்டீங்களா? போட்டிருந்தா சொல்லுங்க, நானும் போர்ட்டக் கட்டிடறேன். உடனே சரியாயிடும்."

"நான் எதையும் தொடலங்க டாக்டர். எர்ரர் அவங்க சுவிட்ச்லதான் வருது. ஏதாவது வி-லேன சேக்காம விட்டிருப்பாங்க" என்றார் அவர்.

இரண்டு போர்ட்டிலும் எல்லா வி-லேனும் இருப்பதை லேப்டாப்பில் காட்டினேன். டாக்டர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நாத்து நடற வீட்லேர்ந்து வந்தவங்களுக்கு இந்த வேலையெல்லாம் எதுக்கும்மா?" என்றார். சர்வர்காரர் சிரித்தார். அறை முழுவதும் சிரித்தது. என் அம்மா அன்று திருவையாற்றுப் பக்கம் ஒரு வயலில் நட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மதியத்துக்குள் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

சாயங்காலம் சர்வர்காரரின் உதவியாளர் போன் செய்தார்.

"மேடம், நீங்க சொன்னதுதான். ஸ்பீடு கூடும்னு சனிக்கிழம அவர்தான் மாத்தினாரு. நீங்க கெளம்பினதும் பழையபடி வெச்சுட்டாரு. இப்ப எல்லாம் ஓடுது."

"காலையில அந்த ரூம்லதானே நின்னீங்க?"

"எனக்கும் புள்ளைங்க இருக்குல்ல மேடம்."

"இப்ப ஓடுறதப் பாத்து டாக்டர் என்ன சொன்னாரு?"



"பாத்தீங்களா, அந்தப் பொண்ணு போனதும் சரியாயிடுச்சுன்னாரு."