ஈரச் சுவருக்கு இரண்டு கடிதங்கள்

காரைக்குடியில் நாங்கள் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு. வீட்டுக்கார ஆச்சி மதுரையில் மகனோடு இருந்தார். எங்கள் படுக்கை அறையை ஒட்டிய அறையை அவர் பூட்டி வைத்திருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அந்தப் பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறியது. ஒரு வாரத்தில் கறுப்பாகப் பூஞ்சணம். துணியால் துடைத்தால் மறுநாள் மறுபடி வரும். என் மூன்று வயது மகளுக்கு அப்போதுதான் இழுப்பு தொடங்கியது. ஈரச் சுவரோரம் படுக்க வைக்காதீர்கள் என்றார் டாக்டர். இருந்ததோ அந்த ஒரு அறையும் அடுப்படியும்தான்.

ஆச்சிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பிள்ளை விஷயத்தை மட்டும் எழுதாதே என்றார் என் கணவர். இருமல், இழுப்பு என்றால் காசநோய் என்று பயந்து காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர் பயம். எனக்கும் அதே பயம்தான், பழியை அவர்மேல் மட்டும் போடக் கூடாது. சுவர் நனைகிறது, பார்த்துச் செய்யவும் என்று மட்டும் எழுதினேன்.

கார்த்திகை பிறந்ததும் ஆள் வந்து, ஈரத்தின் மேலேயே வெள்ளையடித்துவிட்டுப் போனார். புண்ணுக்குப் புனுகு பூசின கதை. பத்தே நாளில் வெள்ளையைத் தாண்டிக் கறுப்பு எட்டிப் பார்த்தது. பிள்ளைக்கோ மூச்சு வாங்கும்போது விலா எலும்பு தெரிந்தது. எனக்கு வந்ததே கோபம்! கணவரிடம் சொல்லாமல் இரண்டாவது கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். பிள்ளைக்கு இழுப்பு. பூட்டின அறையைத் திறந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதை அடைத்தபின் சுவரைச் செதுக்கிக் காயவிடுங்கள். அதுவரை பிள்ளை படுக்கக் காய்ந்த இடம் ஒன்று கொடுங்கள்.

நாலாம் நாள் ஆச்சியே சாவிக்கொத்தோடு வந்து இறங்கினார். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் பூட்டைத் திறந்தார். உள்ளே மேலே ஓடு உடைந்து, மழைத்தண்ணீர் சுவர் வழியாக இறங்கித் தரையில் தேங்கிக் கிடந்தது.

கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார். முதலில் ஓடு மாற்ற வேண்டும், பிறகு காரையை உதிர்த்துவிட்டுச் சுவரை வெயில் காலம் முழுக்க அப்படியே காயவிட வேண்டும், அதற்கப்புறம்தான் பூச்சு என்று சொல்லிவைத்தார். முன்கட்டில் தான் வந்தால் தங்குகிற அறையைத் திறந்து, என் மகளின் பாயைத் தானே எடுத்துப் போய் விரித்தார்.

பிறகுதான் என்னிடம் பேசினார்.

"செவருன்னு எழுதியிருந்தீக. செவரு காத்திருக்கும்னு நெனச்சிட்டேன் ஆத்தா. புள்ளைக்குன்னா அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேனே. இழுப்பு எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான் ஆச்சி" என்றேன்.

முதல் கடிதம் எழுதும்போதே பிள்ளை என் மடியில் இழுத்துக்கொண்டு கிடந்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.