எழுபத்திரண்டாவது கட்டம்

ஒரு வரிக்கு எண்பது கட்டம். முதல் ஐந்தும் வரியின் எண்ணுக்கு. ஆறாவதில் ஏதாவது குறி இருந்தால், மேல் வரி இங்கே தொடர்கிறது என்று பொருள். ஏழிலிருந்து எழுபத்திரண்டு வரை கட்டளை. மீதி எட்டுக் கட்டத்தில் எதை எழுதினாலும் மெஷின் அதைப் பார்க்கவே பார்க்காது. ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நான் முதலில் மனப்பாடம் செய்தது இந்தக் கணக்கைத்தான்.

எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் மழை, காற்று, வெயில் எல்லாவற்றையும் அளந்து எழுதும் அரசு அலுவலகம் ஒன்றில் நானும் இன்னொருவனும் கணக்கர்கள். சென்னையில் எங்கள் துறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குப் புரோகிராம் எழுத ஓர் ஆள் தேவை என்று துறைத் தேர்வு அறிவித்தார்கள். மதுரையில் தேர்வு, மூன்று மணி நேரம், ஐந்து கேள்வி, கேள்விக்கு இருபது மதிப்பெண். முழுக்கத் தாளில்தான் எழுத வேண்டும். எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காத வரி ஒன்று இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பத்து போய்விடும். மலையில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

எனக்கு அந்த இடம் வேண்டும். என் மனைவிக்கு மூச்சிளைப்பு. டிசம்பரில் அவள் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு வாங்குகிறாள் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முப்பத்திரண்டு வரை போயிருக்கிறது. மலையை விட்டு இறங்குங்கள் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

அவனுக்கும் வேண்டும். என்னைவிட ஆறு வயது இளையவன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், நாயுடுபுரத்தில் வீடு. எதற்காக வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

சேர்ந்து படிக்கலாம் என்று கேட்டது அவன்தான். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் முடிந்ததும் இருவரும் தாளை மாற்றிக்கொள்வோம். அவன் எழுதியதற்கு நான் மெஷின், நான் எழுதியதற்கு அவன் மெஷின். மெஷினுக்குத் தாட்சண்யம் கிடையாது. அவன் என்ன நினைத்தான் என்று யோசிக்கக் கூடாது, எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும். பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டு, I எவ்வளவு, SUM எவ்வளவு என்று எழுதி, மதிப்பு மாறும்போது பழையதை அடித்துப் புதியதை எழுதுவோம். பிழை இல்லையென்றால் கீழே ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்து.

ஏழு வாரத்தில் என்னிடம் அவன் நாற்பத்தொரு பிழை பிடித்தான். அவனிடம் நான் பிடித்தது முப்பத்தெட்டு. அதில் பாதிக்கு மேல் எண்ணத் தெரியாததால் வந்தவை. அச்சாக வேண்டிய தலைப்பில் எத்தனை எழுத்து, எத்தனை இடைவெளி என்று எண்ணி, அந்த எண்ணைப் போட்டு H எழுதி, பிறகு தலைப்பை எழுத வேண்டும். TOTAL RAIN IN MONTH என்பதற்கு 18H என்று போடுவான்.

“பத்தொம்பது தம்பி. இடைவெளிய யாரு எண்ணுவா?”

“அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே அண்ணே. மெஷின் கெட்டுச்சு போங்க, உங்ககிட்ட.”

சிரிப்பான். இவன் கஷ்டமான புரோகிராமை எல்லாம் வீட்டில் வைத்துக்கொண்டு, எளிதானதை மட்டும் என்னிடம் காட்டுகிறானோ என்று நான் நினைப்பேன்.

ஐந்தாவது வாரம் ஒரு சண்டை வந்தது. மழை பெய்த நாட்களின் எண்ணிக்கை N. DO 20 I = 1, N என்று எழுதினால் சுற்று N தடவை ஓடி மழையைக் கூட்டும். ஒரு சொட்டு மழைகூட இல்லாத மாதம், N பூஜ்யம். அப்போது?

“ஒரு தடவை ஓடும்” என்றேன். துறை அனுப்பிய பழைய ஸ்டென்சில் குறிப்பில் அப்படித்தான் இருந்தது. கடைசியில் போய்த்தான் மெஷின் எண்ணிப் பார்க்கும். அதற்குள் மெஷினில் மிச்சமிருக்கும் போன மாதத்து முதல் நாள் மழை இந்த மாதத்தில் ஏறிவிடும்.

“ஓடவே ஓடாது அண்ணே. முதல்லயே பாத்துட்டுத் தாண்டிரும். புதுப் புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

“அந்தப் புத்தகத்தக் கொண்டு வா.”

“மதுரைக் காலேஜ்ல படிக்கிற சொந்தக்காரப் பையனோடது. அவன் கேட்டான், குடுத்துட்டேன். நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாருங்க.”

“உன் கையெழுத்துல இருக்கிறத நான் எப்படி நம்புறது?”

அவன் முகம் சுருங்கியது. “நம்பாட்டிப் போங்க. எனக்கு வேற சோலி கெடக்கு” என்று எழுந்தான். மறுநாள் வந்து வழக்கம்போல் தாளை நீட்டினான். என்னைக் குழப்பிவிடத்தான் இவ்வளவும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அன்று அவன் தாளில் நீண்ட தலைப்பு ஒன்று. எண்ணினேன். முடிவு அடைப்புக்குறி எழுபத்து மூன்றாவது கட்டத்தில் நின்றது. எங்கள் ஸ்டென்சில் தாளில் பத்துக் கட்டத்துக்கு ஒரு முறைதான் எண் இருக்கும், எண்ணாதவனுக்குத் தெரியாது. மெஷினுக்கு அந்த அடைப்புக்குறி இல்லவே இல்லை, வரி செல்லாது. மறுபடியும் எண்ணினேன். எழுபத்து மூன்று. ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பின் இரண்டு முறை அதே பிழை வந்தது. இரண்டு முறையும் ‘சரி’. ஆக மூன்று.

தேர்வுக்கு முதல் நாள் ஒரே பஸ்ஸில் மலை இறங்கினோம். பண்ணைக்காட்டுப் பிரிவு தாண்டும்போது அவன் என் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, உங்க மெஷினும் வேணாம், என் மெஷினும் வேணாம். DO-வுக்கு முன்னாடி, N பூஜ்யமா இருந்தா நேரா கீழ போன்னு ஒரு IF போட்டுருங்க. எந்த மெஷினா இருந்தாலும் விடை ஒண்ணுதான். நேத்துதான் தோணுச்சு.”

தேவையில்லாத வரிக்கு மதிப்பெண் குறைப்பார்களோ? அதற்காகத்தான் சொல்கிறானோ? மலை இறங்கும்வரை இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். அடைப்புக்குறியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்லவில்லை.

மூன்றாவது கேள்வி மாத மழைச் சராசரி. “N பூஜ்யமாகவும் இருக்கலாம்” என்று அச்சிட்டிருந்தது. பேனாவைப் பிடித்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவன் சொன்ன IF-ஐ எழுதினேன்.

வெளியே வந்ததும் அவன் தாளில்லாமலே விரலால் காற்றில் எண்ணிக்கொண்டிருந்தான்.

“நாலாவதுல தலைப்பு நீளமாயிருச்சு அண்ணே. அடைப்புக்குறி எழுபத்தி மூணுக்குப் போயிருச்சுன்னு நினைக்கிறேன். வெரசா எழுதப் போயி... நீங்க பாத்திருந்தா விட்டிருக்க மாட்டீங்க.”

“இருக்காது. சரியாத்தான் இருக்கும்” என்றேன்.

பலகையில் மதிப்பெண் ஒட்டினார்கள். எனக்கு எழுபத்தொன்று. அவனுக்கு அறுபத்தாறு. பத்தைக் கூட்டினால் எழுபத்தாறு. அந்தக் கூட்டலை அங்கே நின்றே போட்டுவிட்டேன்.

நான் புறப்படும் நாளில் அவன் பயிற்சித் தாள்களைச் சணல் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். “உங்க கையெழுத்து இருக்கு அண்ணே. நீங்களே வச்சுக்கங்க.”

சென்னையில் மனைவிக்கு மூச்சு இருபதுக்கு இறங்கியது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே N-ஐப் பூஜ்யமாக்கி அந்தச் சுற்றை மெஷினில் ஓட்டினேன். ஒரு தடவை ஓடியது. நான் சொன்னதே சரி என்று சந்தோஷப்பட்டேன். பின்னால் புது மெஷின் வந்தது. அதிலும் ஓட்டினேன். ஒரு தடவைகூட ஓடவில்லை. அவன் நோட்டில் இருந்ததும் சரிதான். அவனுக்கு எழுதவில்லை.

சணலைப் பல வருடம் கழித்துத்தான் அவிழ்த்தேன். முப்பத்து நான்கு தாள். என் ‘சரி’ பொய்யாக இருந்த மூன்றும் அடுத்தடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே இருந்தன. மூன்றிலும் எழுபத்து மூன்றாவது கட்டத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

நான் பென்சிலில் எழுதுவதில்லை.