இரண்டால் வகுக்காத தாமிரம்

ஐந்தாம் ஃபாரம் ஆண்டுப் பரீட்சையில் ரசாயனம் போய்விட்டால் படிப்பை விட்டு எரியோட்டுத் தோட்டத்து வேலைக்கே வந்துவிட வேண்டும் என்று என் நண்பனிடம் அவன் அப்பா சொல்லியிருந்தார். நானோ வகுப்பின் மேதாவி. அப்படிச் சொன்னது பெரும்பாலும் நான்தான்.

கேள்வி எளிது. தாமிர சல்பேட் கரைசலில் ஓர் ஆம்பியர் மின்சாரம் பதினாறு நிமிடம் ஐந்து விநாடி பாய்ந்தால் எவ்வளவு தாமிரம் படியும்? 965 கூலூம். அதை 96,500ஆல் வகுத்து, அணு எடை 63.5ஆல் பெருக்கி, 0.635 கிராம் என்று எழுதினேன். பக்கத்திலிருந்த நண்பனின் தாளில் 0.3175 என்று இருந்தது.

"ஏலே, எதுக்குடா ரெண்டால வகுத்தே? அடி அதை."

அடித்துவிட்டு என் விடையை எழுதினான்.

தாமிரத்தின் இணைதிறன் இரண்டு, அதனால் வகுக்க வேண்டும் என்பது மேதாவிக்கு மறந்துபோயிருந்தது. விடைத்தாள் வந்தபோது எனக்கு எழுபத்தொன்று மார்க். அவனுக்கு முப்பத்திமூன்று, தேற முப்பத்தைந்து வேண்டும்.

"சரியாப் போட்டுட்டு ஏன்டா அடிச்சே?" என்றார் வாத்தியார். "அடிச்சதுக்கு நான் மார்க்குப் போட முடியாதுல்ல."

அவன் என்னைப் பார்க்கவில்லை. "சந்தேகமாப் போச்சு சார்" என்றான்.

எழுந்து நின்று உண்மையைச் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. நான் விடைத்தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை.