அரைக் கிலோ பை

ஆத்தூர் ரோட்டு கூரியர் கிளைக்குள் நுழைந்ததிலிருந்து அறிவுமதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவாள், எழுந்து வாசலைப் பார்ப்பாள், திரும்ப உட்காருவாள். ஏற்றுமதி கம்பெனியில் துணி சோதிக்கும் வேலையை விட்டு, ராசிபுரத்து வீட்டிலிருந்தே காட்டன் நைட்டி விற்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் சுபாவமே இதுதான். ஒரு வேலை கையில் இருக்கும்போதே மனசு அடுத்ததற்கு ஓடிவிடும்.

கிளம்பும்போது கணவன் ஈஸ்வர் சொல்லி அனுப்பியிருந்தான். "மாசம் ரெண்டாயிரம் பார்சல்னு சொல்லு. ரேட்டு தன்னால இறங்கும்."

ரெண்டாயிரம் போனது தீபாவளி மாதம் மட்டும்தான். மற்ற மாதங்களில் தொள்ளாயிரத்தைச் சுற்றித்தான் ஓடியது.

மேலாளர் தண்டாயுதபாணி வந்து உட்கார்ந்தார். "மாசம் எத்தனை பார்சலுங்க?"

"தொள்ளாயிரமுங்க." பொய்யைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். நிஜம் வந்து விழுந்துவிட்டது.

"ஆயிரம் தாண்டுனாத்தான் அடுத்த ரேட்டு. சரி, உங்களுக்காக ஒரு கிலோ பார்சலுக்குப் பத்து ரூபா குறைச்சுத் தர்றேன்."

பத்து ரூபாய்! சரி என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடலாம் போலிருந்தது. ஆனால் ஒரு கிலோவில் அவளுக்கு என்ன போகிறது?

"சார், என் பார்சல்ல முக்கால்வாசி ஒத்த நைட்டிங்க. பையோட நானூறு கிராம் வராது. ரெண்டு நைட்டி கேக்கறவங்களுக்குத்தான் ஒரு கிலோ ரேட்டு. எனக்கு அரைக் கிலோவுல குறைங்க."

"அரைக் கிலோவுல எங்களுக்கு என்னங்க மிஞ்சும்?"

"அட்டைப் பெட்டி கிடையாதுங்க, எல்லாம் தட்டைப் பை. பெட்டின்னா நீளம் அகலம் அளந்து எடையைக் கூட்டிப் போடுவீங்க, இதுல அதுக்கு வழியில்ல. நூறு பையை ஒரே மூட்டையாக் கட்டிடலாம். பாதிக்கு மேல தமிழ்நாட்டுக்குள்ளதான் போகுது. உங்க ஆளு தினம் ஒரு தடவை வந்தாப் போதுமுங்க."

அவர் மூன்று மாத விவரத்தைக் கேட்டார். அவள் கணக்கு இருந்த கைப்பேசியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் திரையை மெல்ல மெல்லத் தள்ளிப் படிக்கையில், அவள் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

"அரைக் கிலோவுக்கு ஆறு ரூபா குறைக்கறேன். மாசம் எண்ணூறுக்குக் கீழ போனா பழைய ரேட்டு."

"மாசக் கணக்கு வேண்டாமுங்க. புரட்டாசியில படுத்துரும், ஐப்பசியில எகிறும். மூணு மாசச் சராசரி போடுங்க."

அவர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். இவள் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். கடைசியில் சராசரிக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் குறைத்தது நாலு ரூபாய்தான். ஆள் வாங்காமல் திரும்பி வரும் பார்சலுக்குப் பழைய கட்டணமேதான்.

கையெழுத்துப் போட்டாள். பஸ்ஸில் ஏறியதும் ஈஸ்வர் அழைத்தான். "ரெண்டாயிரம்னு சொன்னியா?"

"இல்லீங்க. சொல்லியிருந்தா முதல் மாசமே மாட்டியிருப்போம். அரைக் கிலோவுக்கு நாலு ரூபா குறைச்சிருக்காங்க."

"நாலு ரூபாதானா?"

"முக்கால்வாசிப் பார்சலுக்கும் நாலு ரூபாங்க." சொல்லிவிட்டு, திரும்பி வரும் பார்சலை எப்படிக் குறைப்பது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.